தளம் வெளியாகும் முன்: கையில் எடுத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும் பிழைகள்

சேலம் பக்கத்துக் கைத்தறிப் புடவைக் கடை ஒன்றுக்கு நான் கட்டிய தளம் ஒரு வெள்ளிக்கிழமை காலை வெளியாவதாக இருந்தது. முந்தைய வாரம் முழுவதும் மடிக்கணினியில் குரோம் சாளரத்தை ஓரத்திலிருந்து இழுத்துச் சுருக்கியும் விரித்தும் பார்த்திருந்தேன். படங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டன, மெனு மடங்கியது, எழுத்து படிக்கும் அளவில் இருந்தது. வியாழக்கிழமை மாலை கடைக்காரரின் மகள் தன் ஐபோனில் திறந்து பார்த்துவிட்டு, "புடவையைத் தேர்வு செய்கிறேன், முகவரியும் கொடுக்கிறேன், ஆனால் ஆர்டர் போடும் பட்டன் எங்கே இருக்கிறது அண்ணா?" என்று கேட்டார். பட்டன் பக்கத்தில் இருந்தது. அவர் கண்ணில்தான் படவில்லை, ஏனென்றால் அது சஃபாரியின் முகவரிப் பட்டிக்கு அடியில் கிடந்தது. அந்த ஒரு மாலையில் நாங்கள் கண்டுபிடித்த பிழைகளில் பெரும்பாலானவை, சாளரத்தைச் சுருக்கிப் பார்க்கும் வழியில் எத்தனை நாள் முயன்றாலும் கிடைத்திருக்காத வகையைச் சேர்ந்தவை. அவற்றில் சிலவற்றை, ஏன் அவை மேசையில் ஒளிந்துகொள்கின்றன என்ற காரணத்தோடு, இங்கே விரித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பட்டனையே எடுத்துக்கொள்வோம். ஆர்டர் பக்கத்தை நான் ஒரு செயலியைப் போல அமைத்திருந்தேன்: மேலே தலைப்பு, நடுவில் தனியாக உருளும் பட்டியல், அடியில் நிலையாக நிற்கும் "ஆர்டர் செய்க" பட்டன். இந்த மூன்றும் சேர்ந்து திரையின் உயரத்தைச் சரியாக நிரப்ப வேண்டும் என்பதற்காக அந்தப் பெட்டிக்கு `100vh` உயரம் கொடுத்து, வெளிப்பக்கம் நகராதபடி பூட்டியிருந்தேன். `100vh` என்றால் "காணும் பரப்பின் முழு உயரம்" என்றுதான் பாடங்கள் சொல்கின்றன, மேசைக் கணினியில் அது உண்மையும்கூட. ஃபோனில் காணும் பரப்பு என்பதே ஓர் அளவு அல்ல. பக்கத்தைத் திறந்தவுடன் முகவரிப் பட்டியும் கருவிப்பட்டியும் விரிந்து நிற்கின்றன. விரலால் பக்கத்தை மேலே தள்ளும்போது அவை சுருங்குகின்றன. உயரம் ஒவ்வொரு கணமும் மாறினால் பக்கம் துள்ளும் என்பதால், சஃபாரி `100vh` என்பதற்குப் பட்டிகள் சுருங்கிய பிறகு கிடைக்கும் பெரிய உயரத்தையே பொருளாக எடுத்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு குரோமும் 2017 முதல் அப்படியே செய்கிறது. ஆக, பக்கம் திறக்கும் அந்த முதல் கணத்தில் என் பெட்டி திரையைவிட உயரமாக இருந்தது. சாதாரணப் பக்கமாக இருந்தால் பயனர் சற்றுத் தள்ளியதும் பட்டி சுருங்கி, அடிப்பகுதி வெளிப்பட்டிருக்கும். நானோ வெளிப்பக்கத்தைப் பூட்டிவிட்டு உள்ளே இருக்கும் பட்டியலை மட்டும் உருளவிட்டேன். பக்கம் நகராததால் பட்டியும் சுருங்கவில்லை, பட்டனும் வெளிவரவில்லை.

குரோமின் டெவலப்பர் கருவிகளில் ஃபோன் வடிவத்தைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தபோது இது ஏன் தெரியவில்லை என்பதற்கு விடை ஒரு கழித்தல் கணக்கில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஐபோன் 12 புரோவைத் தேர்ந்தெடுத்தால் 390 அகலமும் 844 உயரமும் கொண்ட ஒரு சட்டம் கிடைக்கிறது. 844 என்பது அந்த ஃபோனின் முழுத் திரை உயரம். அதே அளவுத் திரை கொண்ட ஐபோன் 13இல் சஃபாரியின் பட்டிகள் விரிந்திருக்கும்போது பக்கத்துக்கு மிஞ்சுவது ஏறத்தாழ 664. கருவி நமக்குக் காட்டும் பக்கத்துக்கும் வாடிக்கையாளர் முதலில் காணும் பக்கத்துக்கும் இடையே 180 பிக்சல் வேறுபாடு இருக்கிறது. அதில் மூன்று பட்டன்களை அடுக்கிவிடலாம். கருவி பொய் சொல்லவில்லை. அது திரையின் அளவை மட்டுமே போலச் செய்கிறது, உலாவியின் சட்டகத்தைப் போலச் செய்யவில்லை.

திருத்தம் சிறியது. 2022இல் உலாவிகள் மூன்று புதிய அளவைகளை ஏற்றுக்கொண்டன: பட்டிகள் விரிந்த சிறிய உயரத்துக்கு `svh`, சுருங்கிய பெரிய உயரத்துக்கு `lvh`, அந்தந்தக் கணத்தின் உயரத்துக்கு `dvh`. பழைய உலாவி புரியாத வரியைத் தாண்டிச் சென்றுவிடும் என்பதால் இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால் போதும்.

```css
.order-page {
  height: 100vh;
  height: 100svh;
}
```

பலரும் `dvh` பக்கமே போகிறார்கள். பட்டி சுருங்கும்போதும் விரியும்போதும் பக்கம் தன் உயரத்தை மாற்றிக்கொண்டே இருப்பது எனக்குப் பிடிப்பதில்லை. அடியில் ஒரு பட்டன் நிற்க வேண்டிய பக்கத்துக்கு `svh` அமைதியான தேர்வு. பழைய உலாவிகளுக்காக, பக்கத்தைப் பூட்டியிருந்ததையும் சேர்த்தே எடுத்துவிட்டேன். அப்போது `100vh` மட்டுமே புரியும் ஃபோனிலும் சற்றுத் தள்ளினால் பட்டன் வந்துவிடுகிறது.

இந்தக் கட்டத்தில், எந்தெந்தக் கருவிகளில் பார்க்க வேண்டும் என்ற கேள்வி வருகிறது. சந்தையில் உள்ள ஃபோன் வகைகளை எண்ணத் தொடங்கினால் யாரும் சோர்ந்துபோவார்கள். ஆனால் பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின் என்று பார்த்தால் மூன்றே மூன்றுதான்: குரோமின் பிளிங்க், சஃபாரியின் வெப்கிட், ஃபயர்பாக்ஸின் கெக்கோ. எட்ஜ் 2020 ஜனவரி முதல் பிளிங்க் எஞ்சினுக்கு மாறிவிட்டது. ஓப்பரா, பிரேவ், சாம்சங் ஃபோன்களோடு வரும் சாம்சங் இன்டர்நெட் ஆகியவையும் அதையே கொண்டவை. இவற்றில் ஒவ்வொன்றிலும் தளத்தைத் திறந்து ஒரு மாலைப் பொழுதைச் செலவழித்தவர் ஒரே எஞ்சினை ஐந்து முறை சோதித்தவர் ஆகிறார். இதைவிட அதிகம் பேர் ஏமாறும் இடம் ஐபோன். அதில் குரோமை நிறுவிப் பார்த்துவிட்டு "குரோமிலும் சரி, சஃபாரியிலும் சரி" என்று எழுதிவைக்கிறார்கள். ஐபோனுக்கான உலாவிகள் அனைத்தும் வெப்கிட்டையே பயன்படுத்த வேண்டும் என்பது ஆப்பிளின் நெடுநாள் விதி. 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 பதிப்பு முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த விதி தளர்ந்தது. ஆகவே நம் ஊரில் ஐபோனில் உள்ள குரோம் என்பது வேறு சட்டை போட்ட சஃபாரிதான்.

ஒரு சிறிய தளத்துக்கு நான் வைத்துக்கொள்ளும் தொகுப்பு இதுதான்: 360 பிக்சல் அகலமுள்ள ஒரு மலிவான ஆண்ட்ராய்டு ஃபோன், இன்றைய ஐபோன் ஒன்று, மென்பொருள் புதுப்பிப்பு நின்றுபோன பழைய ஐபோன் ஒன்று, ஓர் ஐபேட், மேசைக் கணினியில் ஃபயர்பாக்ஸ். இவற்றில் பாதியை இரவல் வாங்கியே சமாளிக்கிறேன். விண்டோஸ் கணினி மட்டும் வைத்திருப்பவருக்குச் சஃபாரிதான் சிக்கல், ஏனெனில் விண்டோஸுக்கான சஃபாரியை ஆப்பிள் 2012ஆம் ஆண்டோடு கைவிட்டுவிட்டது. 2011இல் மும்பையில் தொடங்கப்பட்ட பிரவுசர்ஸ்டாக் போன்ற கட்டணச் சேவைகள் தொலைவில் இருக்கும் உண்மையான ஃபோன்களை நம் திரையில் இயக்கித் தருகின்றன. காசில்லாமல் முதல் சுற்றுப் பார்க்க மைக்ரோசாஃப்டின் பிளேரைட் கருவியோடு வரும் வெப்கிட் உதவும்.

```
npx playwright install webkit
npx playwright wk --device="iPhone 13" http://localhost:3000
```

இது வெப்கிட் எஞ்சினை நிஜமாகவே இயக்குகிறது என்பதால் குரோமின் போலிச் சட்டத்தைவிட ஒரு படி மேல். ஆனால் இதிலும் ஐபோனின் விசைப்பலகை இல்லை, சுருங்கி விரியும் பட்டி இல்லை, ஆப்பிளின் எழுத்துருக்கள் இல்லை. கடைசியாகச் சொன்னது தமிழ்த் தளங்களுக்குப் பெரிய குறை.

எழுத்துருவைப் பற்றிச் சற்று நிதானமாகப் பேச வேண்டும். என் தளத்தின் வடிவமைப்பாளர் பாப்பின்ஸ் எழுத்துருவைக் கேட்டிருந்தார். பாப்பின்ஸில் இலத்தீன் எழுத்துகளும் தேவநாகரியும் உண்டு, தமிழ் இல்லை. எழுத்துருவில் இல்லாத எழுத்தைக் கண்டால் உலாவி எதுவும் சொல்லாமல் அந்தக் கருவியில் இருக்கும் ஏதோவொரு தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. விண்டோஸில் அது பெரும்பாலும் நிர்மலா யூஐ, பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்களில் நோட்டோ சான்ஸ் தமிழ், ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். மூன்றும் ஒரே 16 பிக்சலில் மூன்று அகலம் எடுக்கின்றன, எழுத்தின் தடிமனும் மாறுகிறது. நான் மேசையில் பார்த்து ஒப்புதல் வாங்கிய பக்கத்தில் "கூடையில் சேர்க்க" ஒரே வரியில் நின்றது. ஐபோனில் "சேர்க்க" இரண்டாம் வரிக்கு இறங்கி, பட்டனின் கீழ்விளிம்பை முட்டியது. மூன்று கருவிகளிலும் தெரிந்தது ஒரே தளம், ஆனால் மூன்று வேறு எழுத்துருக்களில். தமிழுக்கென்று நோட்டோ சான்ஸ் தமிழையோ முக்தா மலரையோ தளமே அனுப்பும்படி செய்த பிறகுதான் பக்கங்கள் ஒன்றையொன்று ஒத்தன. இதைச் செய்யாமல் மற்றச் சோதனைகளைத் தொடங்குவது வீண், ஏனென்றால் ஒவ்வொரு கருவியிலும் வரிகள் வேறு வேறு இடத்தில் உடையும், எது பிழை எது எழுத்துருவின் வேலை என்று பிரித்தறிய முடியாது.

கூடவே வரி உயரத்தையும் பார்க்க வேண்டும். ஆங்கிலப் பக்கத்துக்காக எழுதப்பட்ட வார்ப்புருக்களில் தலைப்புகளுக்கு `line-height: 1` என்று நெருக்கமாக வைத்திருப்பார்கள். நீண்ட தலைப்பை ஒரே வரியில் வெட்டிப் புள்ளி வைப்பதற்காக `overflow: hidden` என்றும் சேர்த்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் "கீ", "வீ" போன்ற எழுத்துகளின் மேற்சுழியும், "பூ", "சூ" போன்றவற்றின் அடிப்பகுதியும் நறுக்கப்படும். "பூ வேலைப்பாடு" என்பது "பு வேலைப்பாடு" போலத் தெரிந்ததை முதலில் கண்டவர் கடைக்காரர்தான். எழுத்துப் பிழை என்று என்னைக் கடிந்துகொண்டார்.

அடுத்து, அகலம் மீறும் சொல். ஃபோனில் பக்கத்தைத் திறந்தால் அது இடமும் வலமும் ஆடுகிறது, அல்லது முழுப்பக்கமும் சற்றுச் சுருங்கி வலப்பக்கம் ஒரு வெள்ளைக் கீற்று தெரிகிறது என்றால், பக்கத்தில் எங்கோ ஓர் உறுப்பு திரையைவிட அகலமாக இருக்கிறது என்று பொருள். ஆங்கிலத் தளத்தில் இதற்கு வழக்கமான காரணம் ஒரு படமோ அட்டவணையோ. தமிழ்த் தளத்தில் பெரும்பாலும் ஒரு சொல்லே போதும். எங்கள் தளத்தில் ஆங்கிலத்தில் ஒரே சிறு சொல்லாக இருந்த பக்கத் தலைப்பைத் தமிழில் "திருப்பியனுப்புதலுக்கான விதிகள்" என்று வைத்திருந்தோம். முதற் சொல்லில் 13 எழுத்துகள். தலைப்பின் அளவு 32 பிக்சல். எழுத்துக்குச் சராசரியாக 28 பிக்சல் என்று கொண்டாலும் சொல்லின் அகலம் 364 ஆகிறது. 360 பிக்சல் ஃபோனில் இருபுறமும் 16 பிக்சல் ஓரம் விட்டால் மிஞ்சுவது 328. உலாவி இடைவெளி உள்ள இடத்தில் மட்டுமே வரியை உடைக்கும் என்பதால் சொல் ஓரத்தைத் தாண்டிச் செல்கிறது, பக்கம் ஆடத் தொடங்குகிறது.

ஆடும் பக்கத்தில் எந்த உறுப்பு குற்றவாளி என்று கண்ணால் தேடுவது எரிச்சலூட்டும் வேலை. சட்டத்தை 320 அகலத்துக்குச் சுருக்கிவிட்டு, டெவலப்பர் கருவிகளின் கன்சோலில் இந்தச் சில வரிகளை ஒட்டினால், வலப்பக்கம் மீறும் உறுப்புகளை அது வரிசையாகச் சொல்லிவிடும்.

```js
const w = document.documentElement.clientWidth;
document.querySelectorAll('*').forEach(e => {
  const r = document.createRange();
  const out = x => x.getBoundingClientRect().right > w + 1;
  const text = [...e.childNodes].some(n => n.nodeType === 3 && (r.selectNode(n), out(r)));
  if (out(e) || text) console.log(e);
});
```

வேண்டுமென்றே பக்கவாட்டில் உருளும் படவரிசை இருந்தால் அதன் உறுப்புகளும் பட்டியலில் வரும். அவற்றை ஒதுக்கிவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டும். 320ஐ ஏன் எல்லையாகக் கொள்கிறேன் என்றால், அணுகல்தன்மைக்கான பன்னாட்டு வழிகாட்டு நெறிகள் பக்கம் பக்கவாட்டில் உருளாமல் படிக்க முடிய வேண்டிய அகலமாக அதையே குறிக்கின்றன. 1280 பிக்சல் மேசைத் திரையில் ஒருவர் பக்கத்தை 400 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால் அவருக்குக் கிடைப்பதும் அதே 320தான்.

இதற்குப் பலரும் சொல்லும் தீர்வு `overflow-wrap: anywhere`. அது பக்கம் ஆடுவதை நிறுத்திவிடும், ஆனால் சொல்லை எங்கு வேண்டுமானாலும் வெட்டும். இரண்டாம் வரி "ப்" என்ற புள்ளியெழுத்தில் தொடங்கினால் தமிழ் படிப்பவர் கண் ஒரு கணம் தடுக்கி விழும். அதைக் காப்பு வலையாக வைத்துக்கொண்டு, தலைப்புகளில் மட்டும் உடையத் தகுந்த இடத்தில் `<wbr>` என்று நானே குறித்துவிடுகிறேன்: `திருப்பி<wbr>யனுப்புத<wbr>லுக்கான`. சேர்ந்திருக்க இடம் இருந்தால் சேர்ந்தே நிற்கும், இல்லாவிட்டால் அங்கே உடையும். நாளிதழ்ப் பத்திகளில் இணைப்புக்கோடு இல்லாமல் உடையும் சொற்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இது உறுத்துவதில்லை. சில வேளைகளில் இதைவிட நல்ல தீர்வு தலைப்பையே மாற்றுவது; "திருப்பி அனுப்ப" என்று எழுதியபோது சிக்கலும் தீர்ந்தது, தமிழும் இலேசானது.

டேப்லெட்டைப் பலர் பெரிய ஃபோன் என்றோ சிறிய கணினி என்றோ எண்ணித் தாண்டிவிடுகிறார்கள். எங்கள் தளத்தில் நடந்தது இது. கடைக்காரரின் பழைய 9.7 அங்குல ஐபேடை நிமிர்த்திப் பிடித்துத் திறந்தால், மேலே மூன்று கோடு கொண்ட மெனு ஐகானும் தெரிந்தது, அதற்கருகில் முழு மெனுவும் விரிந்து நின்றது. படுக்கவைத்தால் சரியாகிவிட்டது. ஸ்டைல் கோப்பில் ஃபோனுக்கான விதிகள் `max-width: 768px` என்றும், பெரிய திரைக்கானவை `min-width: 768px` என்றும் எழுதப்பட்டிருந்தன. இரண்டுமே 768ஐ உள்ளடக்கும். 767இல் ஒன்று மட்டும், 769இல் மற்றொன்று மட்டும், சரியாக 768இல் இரண்டும் செயல்படும். சாளரத்தை ஓரம் பிடித்து இழுக்கும்போது அந்த ஒற்றைப் பிக்சலில் கை நிற்பதே இல்லை. அந்த ஐபேடோ நிமிர்ந்திருக்கும்போது எப்போதும் அந்த ஒற்றைப் பிக்சலில்தான் நிற்கிறது. `max-width` எண்ணை `767.98px` என்று மாற்றியதும் தீர்ந்தது. அந்த நாள் முதல், விதிகள் மாறும் முறிவுப் புள்ளி எதுவாக இருந்தாலும் அதன் எண்ணையும், அதற்கு ஒன்று குறைவான எண்ணையும் சட்டத்தில் தட்டச்சு செய்து பார்க்காமல் நான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

ஐபேடில் இன்னொரு பொறி உண்டு. 2019இல் வந்த ஐபேட்ஓஎஸ் 13 முதல், அதன் சஃபாரி இயல்பாகவே தன்னை ஒரு மேக் கணினி என்று சேவையகத்திடம் அறிவித்துக்கொள்கிறது. உலாவியின் பெயரைப் படித்துப் பார்த்துவிட்டு "இது மேசைக் கணினி" என்று முடிவு செய்யும் நிரல், சுட்டியை மேலே வைத்தால் திறக்கும் மெனுவை ஐபேடுக்கு அனுப்பிவிடும். விரலுக்கு "மேலே வைப்பது" என்ற ஒன்றே கிடையாது. முதல் தட்டலில் மெனு விரிந்து, இரண்டாவது தட்டலில்தான் இணைப்பு திறக்கிறது என்றால் இதுதான் காரணம். பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு `@media (hover: hover)` என்று கருவியின் திறனைக் கேட்டால் போதும்.

படிவங்கள் தனி உலகம். அவற்றைப் பார்வையால் சோதிக்க முடியாது, விரலால் நிரப்பித்தான் சோதிக்க வேண்டும். ஐபோனில் உள்ளீட்டுப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறைவாக இருந்தால், அதைத் தொட்டவுடன் சஃபாரி பக்கத்தைத் தானே பெரிதாக்கிவிடும், நிரப்பி முடித்த பிறகும் பெரிதாகவே விட்டுவிடும். எங்கள் படிவத்தில் 14 பிக்சல் இருந்தது. பெயரைத் தொட்டதும் பக்கம் வலப்பக்கம் நழுவி, அடுத்த பெட்டி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பெரிதாக்குவதையே தடை செய்யும் வரியைச் சேர்ப்பவர்கள் உண்டு. கண்பார்வை குறைந்தவரின் கையைக் கட்டும் அந்த வழியை விட 16 பிக்சல் ஆக்குவது எளிது. ஆண்ட்ராய்டில் வேறு வகை மாற்றம் நடந்தது. குரோம் 108க்கு முன்பு விசைப்பலகை மேலெழுந்தால் பக்கமே குறுகி, அடியில் ஒட்டிய பட்டன் விசைப்பலகையின் தோளில் ஏறி நிற்கும். 2022 இறுதியில் வந்த 108 முதல் பக்கம் குறுகுவதில்லை, பட்டன் விசைப்பலகைக்கு அடியில் மறைகிறது. ஐபோன் எப்போதுமே அப்படித்தான். எனவே கடைசிப் பெட்டியை நிரப்பிய பிறகு, விசைப்பலகையை மூடாமல் ஆர்டரை அனுப்ப வழி இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் தளம் இணையத்தில் ஏறியிருக்க வேண்டிய அவசியமில்லை. கணினியும் ஃபோனும் ஒரே வைஃபையில் இருந்தால், கணினியின் உள் முகவரியை, உதாரணமாக `http://192.168.1.12:3000` என்று, ஃபோனில் தட்டினால் தளம் திறக்கும். உள்ளூர்ச் சேவையகம் `localhost` என்ற பெயருக்கு மட்டும் பதிலளிக்கும்படி இருந்தால் அதை `--host` போன்ற விருப்பத்தோடு இயக்க வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு ஃபோனை யூஎஸ்பி வயரால் இணைத்து, கணினிக் குரோமில் `chrome://inspect` திறந்தால் ஃபோனில் ஓடும் பக்கத்தையே கணினியிலிருந்து ஆராயலாம். ஐபோனுக்கு அதே வசதி வேண்டுமென்றால் ஒரு மேக் கணினி தேவை. பாதுகாப்பான இணைப்பைக் கேட்கும் வசதிகள், அதாவது இருப்பிடம் அறிதல், கேமரா போன்றவை, இப்படி வெறும் எண் முகவரியில் திறந்த பக்கத்தில் வேலை செய்யாது. அதைப் பிழை என்று எண்ணி ஒரு மணி நேரத்தை நான் இழந்திருக்கிறேன்.

பழைய ஐபோனை ஏன் தொகுப்பில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். ஆண்ட்ராய்டில் குரோம் ஒரு தனிச் செயலி. ஃபோனின் மென்பொருள் சற்றுப் பழையதானாலும் உலாவி கடையிலிருந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். ஐபோனில் சஃபாரி இயங்குதளத்தோடு ஒட்டியது. 2014இல் வந்த ஐபோன் 6 ஐஓஎஸ் 12ஓடு நின்றுவிட்டது, ஆகவே அதன் சஃபாரியும் அங்கேயே நின்றது. அதில் எங்கள் தளத்தைத் திறந்தபோது "பட்டு", "பருத்தி", "லினன்" என்ற வடிகட்டிப் பொத்தான்கள் இடைவெளியில்லாமல் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்போலத் தெரிந்தன. வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ் பெட்டியில் `gap` என்று இடைவெளி கொடுக்கும் வசதி ஐபோன் சஃபாரிக்கு 2021இல், ஐஓஎஸ் 14.5ஓடுதான் வந்தது. `@supports (gap: 1rem)` என்று கேட்டுத் தப்பிக்கவும் முடியாது. அந்தப் பழைய சஃபாரி கிரிட் அமைப்பில் `gap`ஐ ஏற்றுக்கொள்ளும் என்பதால் "ஆம், தெரியும்" என்று பதில் சொல்லிவிடும். ஒவ்வொரு பொத்தானுக்கும் பழைய முறையில் `margin` கொடுத்தேன்.

எல்லாப் பிழைக்கும் இந்த அளவு இடம் கொடுக்க வேண்டியதில்லை. அதே ஐபோன் 6இல் படங்களுக்குப் பின்னால் வைத்திருந்த மெல்லிய மங்கல் விளைவு வேறு மாதிரி தெரிந்தது, விட்டுவிட்டேன். சாம்சங் இன்டர்நெட்டின் இருள் பயன்முறையில் பக்கம் தானே கறுப்பாக, கடையின் கறுப்பு எழுத்து லோகோ ஒளிபுகும் பின்னணியோடு இருந்ததால் காணாமலே போயிற்று, அதைத் திருத்தினேன். என் அளவுகோல் ஒன்றுதான்: அந்தக் கருவியை வைத்திருப்பவர் புடவையைப் பார்த்து, விலையைப் படித்து, ஆர்டர் கொடுக்க முடிகிறதா? முடிந்தால், ஓர் எழுத்து சற்றுத் தடித்திருப்பதோ ஒரு நிழல் காணாமல் போவதோ வெளியீட்டைத் தள்ளிப்போடக் காரணமல்ல. எல்லா ஃபோனிலும் பிக்சல் மாறாமல் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று வடிவமைப்பாளர் கேட்டால், மேலே சொன்ன உயர வேறுபாட்டின் கணக்கையும் எழுத்துருக் கதையையும் அவரிடம் விளக்க நான் தயாராக இருப்பேன்.

வெள்ளிக்கிழமை தளம் வெளியாகவில்லை, திங்கட்கிழமைதான் வெளியானது. ஞாயிறு மாலை கடைசிச் சுற்றுக்காகக் கடைக்காரரின் சொந்த ஃபோனைக் கேட்டு வாங்கினேன். அறுபதை நெருங்கும் அவர் உலாவியின் அணுகல்தன்மை அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். விலைப் பெட்டிக்கு நான் 48 பிக்சல் உயரம் நிலையாகக் கொடுத்திருந்ததால், பெரிதான எழுத்து இரண்டு வரியாகி, "₹4,850" என்பதன் கீழ்ப்பாதி மட்டும் மறைந்து போயிருந்தது. `height` என்பதை `min-height` ஆக்கினேன், பெட்டி எழுத்தோடு சேர்ந்து வளர்ந்தது. அவர் ஃபோனைத் திரும்ப வாங்கி, ஒரு புடவையைத் தேர்ந்தெடுத்து, ஆர்டர் பக்கம்வரை போய், பட்டனைத் தட்டாமல் என்னைப் பார்த்து, "நிஜமாகவே காசு போய்விடாதே?" என்று கேட்டார்.